அனாஃபேஸில் எத்தனை?

வெங்காய வேர் நுனிச் செல் ஒன்றில் 16 குரோமோசோம்கள் இருக்கின்றன. அந்தச் செல் மைட்டாசிஸில் அனாஃபேஸ் நிலையை அடையும்போது அதற்குள் எத்தனை குரோமோசோம்கள் இருக்கும்?

செல் பிரிதல் பாடத்துக்கு ஒரு திருப்புதல் வினாத்தாள் தயாரித்தால் முதல் வினாவாக இதைத்தான் வைக்க வேண்டும். விடை 32. நிலைகளின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பிக்கிற பிள்ளைகளும் இந்த இடத்தில் 16 என்றோ 8 என்றோ எழுதிவிடுவது உண்டு. எண்ணுகிற முறை தெரிந்தால் தடுமாற்றம் இருக்காது: சென்ட்ரோமியர்களை எண்ணினால் போதும். இரண்டு குரோமாட்டிட்கள் ஒரே சென்ட்ரோமியரில் ஒட்டியிருக்கும்வரை அது ஒரு குரோமோசோம். பிரிந்து விலகிய கணத்திலிருந்து அவை இரண்டு குரோமோசோம்கள்.

தேர்வுக்காகப் பெரும்பாலும் சொல்லித்தரப்படுவது இரண்டு பத்தி அட்டவணைதான். மைட்டாசிஸ் உடல் செல்களில், மியாசிஸ் இனப்பெருக்க செல்களில். அங்கே இரண்டு சேய் செல்கள், இங்கே நான்கு. இதற்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் இந்த அட்டவணை முடிவைத்தான் சொல்கிறது. வேறுபாடு எந்த இடத்தில், எதனால் உண்டாகிறது என்பதைச் சொல்வதில்லை. அதனால் வினாத்தாளை நிலைவாரியாக அமைத்து, ஒவ்வொரு நிலையிலும் எண்ணிக்கையைக் கேட்பது நல்லது. அதற்கு வெங்காயமே பொருத்தம். அதன் வேர் நுனியில் மைட்டாசிஸையும், பூ மொட்டின் மகரந்தப்பையில் மியாசிஸையும் பார்க்கலாம். இரண்டுமே 16-இல்தான் தொடங்குகின்றன.

இரண்டாவது வினா: S நிலையில் டி.என்.ஏ. இரட்டிப்பான பிறகு குரோமோசோம்கள் எத்தனை? அப்போதும் 16தான். டி.என்.ஏ. அளவு இரண்டு மடங்காகிறது, குரோமாட்டிட்கள் 32 ஆகின்றன, சென்ட்ரோமியர்கள் கூடுவதில்லை. இதுவரை வேர் நுனிச் செல்லுக்கும் மகரந்தத் தாய் செல்லுக்கும் எண்ணிக்கையில் வேறுபாடே கிடையாது.

புரோஃபேஸில்தான் பாதை பிரிகிறது. வேர் நுனியில் 16 குரோமோசோம்களும் தடித்துச் சுருங்குகின்றன, நியூக்ளியஸ் உறை மறைகிறது. ஒவ்வொரு குரோமோசோமும் தனித்தே நிற்கிறது. மகரந்தப்பையிலோ தாயிடமிருந்து வந்த குரோமோசோம் தன் இணையான, தந்தையிடமிருந்து வந்த குரோமோசோமைத் தேடிச் சேர்கிறது. 16 குரோமோசோம்கள் 8 இணைகள் ஆகின்றன. இந்த இணைக்குப் பைவாலண்ட் என்று பெயர். லெப்டோட்டீன், சைகோட்டீன், பாக்கிட்டீன், டிப்ளோட்டீன், டையாகைனசிஸ் என்று புரோஃபேஸ் I ஐந்தாகப் பிரிக்கப்படுவது இந்த இணைசேர்தலின் படிகளைக் காட்டத்தான். சைகோட்டீனில் இணை சேர்கிறது. பாக்கிட்டீனில் இணைகளின் குரோமாட்டிட்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன, இதுதான் குறுக்கேற்றம். டிப்ளோட்டீனில் இணைகள் விலகத் தொடங்க, மாற்றம் நடந்த இடங்கள் மட்டும் கயாஸ்மாக்களாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. குறுக்கேற்றம் நடப்பது எப்போது, அதன் அடையாளம் தெரிவது எப்போது என்று இரண்டையும் ஒரே வினாவில் கேட்டால், புரிந்து படித்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

மெட்டாஃபேஸை வேகமாகக் கடந்துவிடுவது வழக்கம். உண்மையில் எல்லாம் தீர்மானமாவது இங்கேதான். வேர் நுனிச் செல்லில் 16 குரோமோசோம்கள் ஒவ்வொன்றாக நடுத்தளத்தில் நிற்கின்றன. ஒவ்வொன்றின் இரு குரோமாட்டிட்களையும் எதிரெதிர் துருவங்களிலிருந்து வரும் கதிர்கோல் இழைகள் பிடிக்கின்றன. மியாசிஸ் I-இல் நடுத்தளத்தில் நிற்பவை 8 இணைகள். இங்கே ஒரு குரோமோசோமின் இரு குரோமாட்டிட்களும் ஒரே துருவத்தை நோக்கியே பிடிக்கப்படுகின்றன. எதிர்த் துருவத்தை நோக்கியிருப்பது அதன் இணை குரோமோசோம்.

அதன் விளைவுதான் அனாஃபேஸ். வேர் நுனியில் சகோதரக் குரோமாட்டிட்கள் பிரிகின்றன. செல்லுக்குள் 32, ஒவ்வொரு துருவத்துக்கும் 16. மியாசிஸ் அனாஃபேஸ் I-இல் சென்ட்ரோமியர் பிரிவதில்லை. குரோமாட்டிட்களை ஒட்டவைத்திருக்கும் கொஹீசின் என்ற புரதம் கைப்பகுதிகளில் மட்டும் வெட்டப்படுகிறது, சென்ட்ரோமியரை ஒட்டிய கொஹீசின் பாதுகாக்கப்படுகிறது. ஆகவே செல்லுக்குள் மொத்தம் 16தான், துருவத்துக்கு 8. எண்ணிக்கை பாதியாவது மியாசிஸ் I-இல் என்பதை இந்த 8 காட்டிவிடுகிறது. நான்கு செல்கள் கிடைப்பது இரண்டாம் பிரிவுக்குப் பிறகு என்பதால், பாதியாவதும் அங்கேதான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு.

மியாசிஸ் II தொடங்குமுன் டி.என்.ஏ. மீண்டும் இரட்டிப்பாவதில்லை. 8 குரோமோசோம்கள், 16 குரோமாட்டிட்களோடு ஒவ்வொரு செல்லும் உள்ளே நுழைகிறது. அனாஃபேஸ் II-இல் சென்ட்ரோமியர்கள் பிரிய, செல்லுக்குள் 16, துருவத்துக்கு 8. நடைமுறையில் இது மைட்டாசிஸ் போலவேதான். ஆனால் குறுக்கேற்றம் நடந்துவிட்டதால் பிரிகிற குரோமாட்டிட்கள் முழுக்க ஒன்றுபோல இருப்பதில்லை. ஒரு வரி விடையில் இந்த வேறுபாட்டையும் எழுதுவது அவசியம்.

படம் பார்த்து நிலையைக் கண்டுபிடிக்கும் வினாவுக்கு 16 அதிகம். நான்கு குரோமோசோம்கள் கொண்ட செல்லை எடுத்துக்கொண்டு, தாய்வழி இரண்டைச் சிவப்பிலும் தந்தைவழி இரண்டை நீலத்திலும் வரையச் சொல்லலாம். நடுத்தளத்தில் நான்கும் தனித்தனியே வரிசையாக நின்றால் மைட்டாசிஸ் மெட்டாஃபேஸ். சிவப்பும் நீலமும் எதிரெதிராக இரண்டு இணைகள் நின்றால் மெட்டாஃபேஸ் I. இரண்டே குரோமோசோம்கள் நின்றால் மெட்டாஃபேஸ் II. இந்த மூன்று படங்களையும் கையால் வரைந்து பார்த்த மாணவரிடம் அட்டவணை கேட்டால் அவரே எழுதிவிடுவார்.

கடைசி வினா பிழையைப் பற்றியதாக இருக்கட்டும். மனிதனின் 21-ஆம் குரோமோசோம் இணை, விந்து உருவாகும்போது அனாஃபேஸ் I-இல் பிரியாமல் போனால் நான்கு செல்களின் கதி என்ன? ஒரு செல்லுக்கு இணை முழுதும் போகிறது, மற்றதற்கு எதுவும் இல்லை. இரண்டாம் பிரிவு சரியாக நடந்தாலும் இரண்டு செல்களில் 24 குரோமோசோம்கள், இரண்டில் 22. சரியான செல் ஒன்றுகூட இல்லை. அதே பிழை அனாஃபேஸ் II-இல் ஒரு செல்லில் மட்டும் நேர்ந்தால் இரண்டு செல்கள் 23-உடன் தப்பிவிடுகின்றன, ஒன்றில் 24, ஒன்றில் 22. கூடுதல் 21-உடன் பிறக்கும் குழந்தைக்கு 47 குரோமோசோம்கள். அதுவே டவுன் சிண்ட்ரோம். அத்தகைய பிழைகளில் பெரும்பாலானவை தாயின் முட்டை உருவாகும்போது, அதிலும் மியாசிஸ் I-இல் நேர்கின்றன. பெண்ணின் முட்டைச் செல்கள் அவள் பிறக்குமுன்பே டிப்ளோட்டீனில் நின்றுவிடுகின்றன. பல ஆண்டுகள் கழித்து முட்டை வெளிவரும் மாதத்தில்தான் மீண்டும் நகர்கின்றன. அத்தனை காலம் இணைகளைப் பிடித்துவைத்திருக்க வேண்டிய கொஹீசின் வயதோடு தளர்கிறது.

நன்றாகப் படிப்பவர்களுக்கு இதிலிருந்தே இன்னொரு வினா கிடைக்கிறது. குழந்தைக்குத் தாயிடமிருந்து வந்த இரண்டு 21-ஆம் குரோமோசோம்களை, குறுக்கேற்றம் அரிதாக நடக்கும் சென்ட்ரோமியர் பகுதியில் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அங்கே இரண்டும் ஒன்றுபோல இருந்தால் பிழை எந்தப் பிரிவில் நேர்ந்தது? வேறுவேறாக இருந்தால்? ஒன்றுபோல இருந்தால் சகோதரக் குரோமாட்டிட்கள் பிரியவில்லை, அதாவது மியாசிஸ் II. வேறுவேறாக இருந்தால் இணைகள் பிரியவில்லை, அதாவது மியாசிஸ் I.