கோல அச்சில் நடு வட்டம் ஏன் கழன்று விழுது?

மாசி மகத் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் குளக்கரை முழுக்க அகல் விளக்கு எரியும். அந்தக் காட்சியைப் பள்ளி விழா மூலையில் காகிதத்தில் கொண்டுவர, வெட்டத் தெரிந்தால் போதாது. எங்கே நிறுத்தணும்னு தெரியணும்.

ஏ4 தாளை நீளவாக்கில் மடித்து, மடிப்பிலிருந்து வரிசையாக வெட்டுங்கள். எதிர் ஓரத்துக்கு 2 செ.மீ. முன்பே நிறுத்தி, விரித்துச் சுருட்டி ஒட்டினால் விளக்குக் கூடு ரெடி. திறந்த ஓரத்திலிருந்து வெட்டினால் குஞ்சம்தான் மிஞ்சும். உள்ளே பேட்டரி பல்பு மட்டும், தீ வேண்டாம்.

கோல அச்சில்தான் நிறைய பேர் சொதப்புறாங்க. அட்டையில் வட்டக் கோட்டை முழுசாக வெட்டினால் நடுத் துண்டு விழுந்துடும். கோட்டுக்குப் பதில் பெரிய மாவுப் பொட்டு வரும். ஒவ்வொரு வட்டத்திலும் மூன்று இடத்தில் அரை செ.மீ. வெட்டாமல் விடுங்கள். மாவு தூவி அச்சை எடுத்தபின், அந்த இடைவெளிகளைக் கையால் இழுத்து மூடிவிடலாம்.