எண்ணும் அதன் தலைகீழியும்: கூட்டுத்தொகை தெரிந்தால் எண்ணைக் காண்பது எப்படி?

ஓர் எண்ணையும் அதன் தலைகீழியையும் கூட்டினால் 29/10 வருகிறது. அந்த எண் எது? 1-ஐ ஓர் எண்ணால் வகுத்தால் கிடைப்பது அந்த எண்ணின் தலைகீழி. 5-இன் தலைகீழி 1/5. 2/3-இன் தலைகீழி 3/2. எண்ணையும் அதன் தலைகீழியையும் பெருக்கினால் எப்போதும் 1 வரும். தேடும் எண்ணை x என்று வைத்துக்கொண்டால் கேள்வி இப்படி அமையும்:

x + 1/x = 29/10

பூச்சியத்தால் வகுக்க முடியாது; ஆகவே பூச்சியத்துக்குத் தலைகீழி கிடையாது. இந்தச் சமன்பாட்டை எழுதும்போதே x பூச்சியமல்ல என்று ஒப்புக்கொண்டுவிடுகிறோம். அடுத்து வரும் பெருக்கலுக்கும் இந்த நிபந்தனை தேவை.

இருபடிச் சமன்பாடாக மாற்றுதல்

x பகுதியில் இருக்கும்வரை சமன்பாட்டைக் கையாள்வது கடினம். எனவே ஒவ்வோர் உறுப்பையும் 10x-ஆல் பெருக்கிப் பின்னங்களை நீக்க வேண்டும். x என்பது 10x² ஆகும். 1/x என்பது 10 ஆகும். வலப்பக்கத்து 29/10 என்பது 29x ஆகும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்தால்:

10x² − 29x + 10 = 0

இது காரணிப்படுத்தக்கூடிய இருபடிச் சமன்பாடு. நடு உறுப்பின் கெழுவான −29-ஐ இரண்டு எண்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றின் பெருக்கற்பலன் 10 × 10, அதாவது 100 ஆக இருக்க வேண்டும். −25, −4 ஆகிய இரண்டும் பொருந்துகின்றன.

10x² − 25x − 4x + 10 = 0
5x(2x − 5) − 2(2x − 5) = 0
(2x − 5)(5x − 2) = 0

இரண்டு காரணிகளின் பெருக்கற்பலன் பூச்சியம் என்றால் அவற்றில் ஒன்றாவது பூச்சியமாக இருக்க வேண்டும். ஆகவே x = 5/2 அல்லது x = 2/5.

விடையைச் சரிபார்க்க, அதை முதல் சமன்பாட்டில் இட வேண்டும். x = 5/2 என்றால் 1/x = 2/5. கூட்டினால் 25/10 + 4/10 = 29/10. x = 2/5 என்றால் 1/x = 5/2; கூட்டுத்தொகை மீண்டும் 29/10. இரண்டு விடைகளும் சரி.

விடைகள் ஏன் ஒன்றுக்கொன்று தலைகீழி?

5/2, 2/5 என்று விடைகள் ஒன்றுக்கொன்று தலைகீழியாக வந்தது தற்செயல் அல்ல. x + 1/x என்ற கோவையில் x இருக்கும் இடத்தில் 1/x-ஐ இட்டால் 1/x + x கிடைக்கும், கோவை மாறுவதில்லை. எனவே ஓர் எண் விடையானால் அதன் தலைகீழியும் விடையாகியே தீரும்.

இதை இருபடிச் சமன்பாட்டின் வழியாகவும் காணலாம். கூட்டுத்தொகையை k என்று குறித்தால், x + 1/x = k என்பது x² − kx + 1 = 0 ஆகிறது. இந்தச் சமன்பாட்டின் இரு மூலங்களின் கூடுதல் k, பெருக்கற்பலன் 1. ஆக, கேள்வியை வேறு சொற்களிலும் கேட்கலாம்: பெருக்கினால் 1, கூட்டினால் k வரும் இரண்டு எண்கள் எவை?

இந்த வகைக் கேள்வி மிகப் பழையது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் YBC 6967 என்ற எண்ணுடன் பாபிலோனியக் களிமண் பலகை ஒன்று பாதுகாக்கப்படுகிறது. அது ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முற்பட்டது. பாபிலோனியர்கள் அறுபதை அடிப்படையாகக் கொண்டு எண்ணியவர்கள். பெருக்கினால் 60 வரும் இரு எண்களை அந்தப் பலகை தலைகீழி இணையாகக் கொள்கிறது. அவற்றில் ஒன்று மற்றதைவிட 7 அதிகம். இரண்டையும் காண வேண்டும் என்பதே அதிலுள்ள கணக்கு. அங்கே தரப்படுவது கூடுதல் அல்ல, வித்தியாசம். தீர்க்கும் படிகளும் பலகையில் உள்ளன. ஏழில் பாதி 3.5, அதன் வர்க்கம் 12.25, அதனுடன் 60-ஐக் கூட்டினால் 72.25, அதன் வர்க்கமூலம் 8.5. இதனுடன் 3.5-ஐக் கூட்டினால் 12, கழித்தால் 5. இன்று வர்க்கப் பூர்த்தி என்று கற்பிக்கப்படும் முறையின் படிகளே இவை.

கூடுதல் தரப்பட்டால் ஒரு படி மட்டும் மாறும்: பாதியின் வர்க்கத்துடன் பெருக்கற்பலனைக் கூட்டுவதற்குப் பதில் கழிக்க வேண்டும். 29/10-இல் பாதி 1.45, வர்க்கம் 2.1025, 1-ஐக் கழித்தால் 1.1025, வர்க்கமூலம் 1.05. 1.45 + 1.05 = 2.5, 1.45 − 1.05 = 0.4. காரணிப்படுத்திக் கண்ட 5/2, 2/5 ஆகியவை இங்கே தசம வடிவில் வந்திருக்கின்றன.

காரணிப்படுத்த முடியாதபோது

எல்லாக் கூட்டுத்தொகைக்கும் இப்படி எளிய பின்னம் விடையாகக் கிடைக்காது. x + 1/x = 3 என்பதை எடுத்துக்கொண்டால் x² − 3x + 1 = 0 வருகிறது. முழு எண்களைக் கொண்டு இதைக் காரணிப்படுத்த வழியில்லை. சூத்திரத்தைப் பயன்படுத்தினால்:

x = (3 ± √5)/2

சரிபார்க்க x = (3 + √5)/2 என்று கொள்வோம். அதன் தலைகீழி 2/(3 + √5). பகுதியில் உள்ள வர்க்கமூலத்தை நீக்க, தொகுதியையும் பகுதியையும் (3 − √5)-ஆல் பெருக்க வேண்டும். பகுதி 9 − 5 = 4 ஆகும்; தலைகீழி (3 − √5)/2 ஆகச் சுருங்கும். அதுவே மற்ற மூலம். இரண்டையும் கூட்டினால் √5 நீங்கி 6/2 = 3 வருகிறது. தசமத்தில் பார்த்தால் ஏறத்தாழ 2.618, 0.382, கூட்டுத்தொகை 3.

விடையே இல்லாத இடம்

x + 1/x = 1 என்று கேட்டால் x² − x + 1 = 0 வரும். இதன் தன்மைகாட்டி 1 − 4 = −3. குறை எண்ணுக்கு மெய்யெண் வர்க்கமூலம் இல்லை. ஆகவே மெய்யெண்களில் இதற்கு விடை இல்லை. பொதுவாகத் தன்மைகாட்டி k² − 4. k-இன் மதிப்பு −2-க்கும் 2-க்கும் இடையில் இருந்தால் அது குறை எண்ணாகிவிடும்.

இதன் காரணத்தைச் சூத்திரம் இல்லாமலும் புரிந்துகொள்ளலாம். x + 1/x-இலிருந்து 2-ஐக் கழித்தால் (x − 1)²/x கிடைக்கும். x மிகை எண்ணானால் இந்தப் பின்னம் ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. எனவே மிகை எண்ணும் அதன் தலைகீழியும் சேர்ந்து 2-க்குக் குறையவே முடியாது; x = 1 ஆகும்போது மட்டும் சரியாக 2 வரும். குறை எண்களுக்கு இதே விதி மறுபக்கம் நிற்கும்: கூட்டுத்தொகை −2-ஐத் தாண்டி மேலே வராது. கணக்கைத் தொடங்கும் முன்பே k-ஐப் பார்த்தால் விடை உண்டா, இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பிழைகளும் சரிபார்த்தலும்

இந்தக் கணக்கில் இரண்டு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, இடப்பக்கத்தை x-ஆல் பெருக்கிவிட்டு வலப்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவது. அப்போது x² + 1 = 29/10 என்று வரும்; x ஏறத்தாழ 1.378 என்று கிடைக்கும். அதன் தலைகீழி 0.725, கூட்டினால் 2.1 அளவில் நிற்கிறது, 2.9 வரவில்லை.

இரண்டாவது, 29x-ஐப் பக்கம் மாற்றும்போது குறியை மாற்ற மறப்பது. 10x² + 29x + 10 = 0 என்று எழுதினால் விடைகள் −5/2, −2/5 என்று வரும். இவையும் ஒன்றுக்கொன்று தலைகீழிகள்தான். பெருக்கினால் 1 வருகிறது. பெருக்கற்பலனை மட்டும் பார்ப்பவருக்குப் பிழை தெரியாது. கூட்டினால்தான் −29/10 என்று வந்து குறி தவறு என்று காட்டும்.

இந்த இரண்டு பிழைகளிலும், இருபடிச் சமன்பாட்டில் விடையை இட்டுப் பார்த்தால் அது பொருந்திவிடும். ஏனென்றால் அந்தச் சமன்பாடே தவறானது. முதலில் கொடுத்த சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பதே உண்மையான சரிபார்த்தல்.

x-இன் இடத்தில் ஒரு கோவை வந்தால் இந்தச் சோதனை இன்னும் தேவையாகிறது.

x/(x − 2) + (x − 2)/x = 29/10

இங்கே இரண்டாவது பின்னம் முதல் பின்னத்தின் தலைகீழி. முதல் பின்னத்தை y என்று கொண்டால் y + 1/y = 29/10; y = 5/2 அல்லது 2/5 என்பது முன்பே தெரிந்தது. x/(x − 2) = 5/2 என்றால் 2x = 5x − 10, அதாவது x = 10/3. x/(x − 2) = 2/5 என்றால் 5x = 2x − 4, அதாவது x = −4/3. x = 10/3 ஆனால் x − 2 = 4/3; வகுத்தால் 5/2. x = −4/3 ஆனால் x − 2 = −10/3; வகுத்தால் 2/5. இரண்டும் பொருந்துகின்றன.

வலப்பக்கத்தில் 29/10-க்குப் பதில் 2 இருந்தால் நிலைமை வேறு. y² − 2y + 1 = 0 என்பதிலிருந்து y = 1 கிடைக்கிறது. y அளவில் இது குறையற்ற விடை. ஆனால் x/(x − 2) = 1 என்றால் x = x − 2 ஆக வேண்டும்; அப்படி ஓர் எண் இல்லை. இருபடிச் சமன்பாட்டுக்கு விடை இருந்தும் கொடுத்த சமன்பாட்டுக்கு விடை இல்லை. y கிடைத்ததும் கணக்கு முடிந்துவிடுவதில்லை. X-ஐக் கண்டு, அதை முதல் சமன்பாட்டில் இட்டு, இருபக்கமும் சமமாக வந்தால்தான் அது விடை.