மனவாட்டமா, துயரமா, மனச்சோர்வு நோயா?

"கொஞ்ச நாளாக மனசே சரியில்லை" என்று வாடிக்கையாளர்கள் சொல்வதை நாம் அவ்வப்போது கேட்கிறோம். சில நாள் மனவாட்டம், நீடிக்கும் துயரம், மனச்சோர்வு நோய் ஆகிய மூன்றில் எதையும் அச்சொற்கள் குறிக்கலாம். அவற்றைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் உதவுகின்றன: எத்தனை நாட்களாக இந்நிலை? அன்றாட வேலைகள் நடைபெறுகின்றனவா?

தாராவியில் இட்லி அவித்து, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் விற்கும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அடைமழையால் நான்கு நாட்கள் வியாபாரம் இல்லை. கடன் தவணையோ நெருங்குகிறது. அவர் முகம் வாடுகிறது, தூக்கம் குறைகிறது. ஆயினும் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டுகிறார்; மகளின் பேச்சுக்குச் சிரிக்கிறார். விற்பனை திரும்பியதும் மனமும் தெளிகிறது. இது மனவாட்டம்.

ஊரிலிருந்த அவருடைய தாயார் காலமாகிறார் என்று வைத்துக்கொள்வோம். இத்துயரம் மாதக்கணக்கில் நீடிக்கலாம். ஆனால் அலைபோல் எழுந்து தணியும். நினைவு வரும்போது கண் கலங்கும். தணிந்தபின் பசி எடுக்கும். வேலை சற்றுத் தொய்ந்தாலும் நின்றுவிடாது. இதனை நோயென்று கருத வேண்டியதில்லை.

மூன்றாம் நிலை வேறு. குறைந்தது 2 வாரங்கள், ஏறத்தாழ ஒவ்வொரு நாளும், நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டிருத்தல் அல்லது எதிலும் நாட்டமின்மை இதன் அடிப்படை அடையாளம். அதனுடன் தூக்கமும் பசியும் மாறும், களைப்பும் குற்றவுணர்வும் சேரும், கவனம் சிதறும். நம் வியாபாரி மாவு ஆட்டுவதை நிறுத்துகிறார், குளிப்பதைக்கூடத் தள்ளிப்போடுகிறார், மகள் அழைத்தாலும் மனம் அசைவதில்லை. மழை விட்டபின்பும் மாற்றம் இல்லை. தாயை இழந்தவர் என்பதால் இதனை வெறும் துயரமென ஒதுக்கிவிடலாகாது.

வேலை தவறாமல் நடப்பதனாலேயே நலம் என்றும் முடிவு செய்ய இயலாது. 2 ஆண்டுகளுக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் வாடியே இருப்பின், அதனையும் நீடித்த மனச்சோர்வு என்றே மருத்துவர்கள் கருதுகின்றனர். இத்தகையோர் கடையைத் திறப்பர், தவணையையும் செலுத்துவர். "என் சுபாவமே இப்படித்தான்" என்று எண்ணி மருத்துவரை நாடமாட்டார்.

இக்கேள்விகள் மருத்துவரிடம் செல்லும் தருணத்தைக் காட்டுமேயன்றி, நோயை உறுதிசெய்யா. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் இதேபோன்ற சோர்வைத் தரக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். தாராவிக்கு அருகிலுள்ள சயான் மருத்துவமனையில் மனநலப் பிரிவு உள்ளது. மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவையில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும், தமிழிலும் பேசலாம்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தோன்றினால் மட்டும் நாட்களை எண்ணுதல் கூடாது. அன்றே உதவி நாட வேண்டும். உடனிருப்போர் அவரைத் தனியே விடலாகாது.