பில்லுக்குப் பின்னால் இருக்கும் பதிவேடு

பிரிட்டனில் குற்றவாளிகளின் காலில் மின்னணுப் பட்டை கட்டிக் கண்காணிக்கும் வேலையை அரசு ஜி4எஸ், செர்கோ என்ற இரு நிறுவனங்களிடம் கொடுத்திருந்தது. 2013இல் புதிய ஒப்பந்தத்துக்கு ஆயத்தமானபோதுதான் பில்களில் கோளாறு இருப்பது தெரிந்தது. மறுபடி சிறைக்குப் போனவர்கள், நாட்டைவிட்டே வெளியேறியவர்கள், சிலர் விஷயத்தில் இறந்தே போனவர்கள் என்று பலருக்கும் கண்காணிப்புக் கட்டணம் வசூலிக்கப்பட்டிருந்தது. முழுத் தணிக்கைக்கு செர்கோ ஒப்புக்கொண்டது. ஜி4எஸ் முதலில் மறுத்தது. கடைசியில் செர்கோ 6.85 கோடி பவுண்டும், ஜி4எஸ் சுமார் 10.9 கோடி பவுண்டும் திருப்பித் தர வேண்டியதாயிற்று.

பில்லை மட்டும் எத்தனை முறை கூட்டிப் பார்த்தாலும் இந்தத் தவறு அகப்படாது. யாருக்கு, எத்தனை நாள் வேலை நடந்தது என்ற பதிவு வேலை செய்தவரிடம் இருக்கிறது. அந்தப் பதிவைத் திறந்து பார்க்க வாடிக்கையாளருக்கு உரிமை தருவதுதான் ஒப்பந்தத்தில் வரும் தணிக்கை உரிமைப் பிரிவு.

நம் ஊரில் இது அதிகம் தேவைப்படும் இடம் ஆள் சப்ளை ஒப்பந்தம். ஒரு தொழிற்சாலைக்கு 30 செக்யூரிட்டிகளை ஒரு காண்ட்ராக்டர் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு மாதச் சம்பளம் ரூ.15,000. அதன்மேல் முதலாளியின் பங்காக பி.எஃப். வகையில் நிர்வாகக் கட்டணம், காப்பீடு உட்பட 13 சதவீதம், அதாவது ரூ.1,950. இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம், ரூ.487.50. இரண்டும் சேர்ந்து தலைக்கு ரூ.2,437.50. காண்ட்ராக்டரின் சேவைக் கட்டணமும் ஜி.எஸ்.டி.யும் தனி. பில்லுடன் பி.எஃப். கட்டிய சலான் நகலும் வருகிறது. எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது.

சிக்கல் அந்தச் சலானில் இருக்கிறது. காண்ட்ராக்டர் பல கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சலானில் பணம் கட்டுகிறார். அதே சலானின் நகலை ஐந்து கம்பெனிகளுக்கும் கொடுக்கலாம். அதிலுள்ள மொத்தத் தொகையை வைத்து உங்கள் 30 பேரும் அதில் அடக்கமா என்று சொல்ல முடியாது.

தணிக்கைக்குப் போகிறவர் அதனால் பெயர்ப்பட்டியலைக் கேட்பார். கேட்டில் வைத்திருக்கும் வருகைப் பதிவேடு, காண்ட்ராக்டரின் சம்பளப் பதிவேடு, வங்கியில் சம்பளம் போட்ட விவரம், பி.எஃப். மாதாந்தர ரிட்டர்னில் உள்ள உறுப்பினர் பட்டியல் ஆகிய நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, யு.ஏ.என். எண்ணைக் கொண்டு ஒவ்வொருவராகச் சரிபார்ப்பார். முதல் மூன்றில் 30 பேரும் இருந்து, ரிட்டர்னில் 24 பேர் மட்டுமே இருந்தால்? இ.எஸ்.ஐ. பட்டியலிலும் அந்த ஆறு பேர் இல்லை என்றால் மாதம் ரூ.14,625, வருடத்துக்கு ரூ.1,75,500 கட்டாத பணத்துக்காக வசூலாகியிருக்கிறது. சம்பளத்தில் தொழிலாளியிடம் பிடித்த பங்கும் போய்ச் சேரவில்லை. இழப்பு அத்தோடு நிற்காது. காண்ட்ராக்டர் கட்டத் தவறிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. தொகைக்கு வேலை வாங்கும் முதன்மை முதலாளியைச் சட்டம் பொறுப்பாக்குகிறது. ஒரே தொகையை இரண்டு முறை கொடுக்க நேரிடும்.

‘வாடிக்கையாளர் கணக்குகளைப் பார்வையிடலாம்’ என்ற ஒற்றை வரி இதற்குப் போதாது. காண்ட்ராக்டர் மொத்தச் சலானை நீட்டி, ‘பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுவார். எந்தெந்தப் பதிவேடு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை ஆண்டு ஆவணங்களை வைத்திருக்க வேண்டும் என்பதும் வேண்டும். உள்காண்ட்ராக்டர் இருந்தால் அவருடைய பதிவுகளுக்கும் இது செல்ல வேண்டும். பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டதாலேயே அதை ஏற்றுக்கொண்டதாக ஆகாது என்ற வரியை விட்டுவிடக் கூடாது. கூடுதலாக வாங்கிய தொகையை 30 நாளில் வட்டியுடன் திருப்புவது, அது 5 சதவீதத்தைத் தாண்டினால் தணிக்கைச் செலவையும் காண்ட்ராக்டரே ஏற்பது என்று எழுதிக்கொள்வது வழக்கம்.

காண்ட்ராக்டருக்கும் நியாயம் உண்டு. மற்றக் கம்பெனிகளின் கட்டண விவரத்தை உங்களுக்குக் காட்ட அவர் கடமைப்பட்டவரல்ல. அந்தப் பெயர்களை மறைத்துத் தரலாம். ஒரு டியூட்டிக்கு இவ்வளவு என்று நிலையான விலை பேசியிருந்தால் அவருடைய லாபத்தைத் தோண்டவும் உரிமையில்லை. அப்போது டியூட்டி எண்ணிக்கையையும், சட்டப்படி கட்ட வேண்டியதைக் கட்டினாரா என்பதையும் மட்டும் பார்க்கலாம்.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி. அது கழிந்ததும் உங்கள் ஆட்களின் பெயர்ப்பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில் எழுதிய உரிமையை ஆண்டுக்கு ஒரு முறையாவது பயன்படுத்தாவிட்டால், எழுதாமல் விட்டதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.