ஜெர்மனியில் முதல் மாத மளிகை

ஜெர்மனியில் புதிதாகக் குடியேறும் தமிழ்த் தம்பதியின் முதல் மாத மளிகையைத் தீர்மானிப்பவை துவரம்பருப்பும் இட்லி மாவும்தான். இவ்விரண்டும் கைகூடிவிட்டால் வீட்டுச் சாப்பாட்டு ஏக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

இரண்டு பேருக்கு ஒருவேளை சாம்பாருக்கு 75 கிராம் பருப்பு போதும். வாரம் நான்கு நாள் சாம்பார் என்றால் மாதத்துக்கு ஒன்றேகால் கிலோ ஆகும். வாரம் ஒருமுறை நாலுக்கு ஒன்று அளவில் மாவு அரைக்க, மூன்றேகால் கிலோ இட்லி அரிசியும் முக்கால் கிலோவுக்குச் சற்று மேல் உருட்டு உளுந்தும், கொஞ்சம் வெந்தயமும் வேண்டும். சாப்பாட்டு அரிசி 5 கிலோ. இவை பெரிய நகரங்களிலுள்ள இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கும். பெட்டியில் சுமந்து போக வேண்டியதில்லை.

சுமக்க வேண்டியது சாம்பார் பொடி. அந்தக் கடைகளில் கிடைக்கும் யாழ்ப்பாணக் கறித்தூள் வறுத்து அரைத்தது, பெருஞ்சீரகம் சேர்ந்தது. மீன் குழம்புக்கு அருமையாக இருக்கும், சாம்பாரில் போட்டால் சுவையே மாறிவிடும். அரைக் கிலோ பொடியை ஊரிலேயே அரைத்து, நன்கு ஆறவிட்டுக் கட்டிக்கொள்வது நல்லது. நெய்யைக் கொண்டுபோகக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் எடுத்துவரத் தடை இருக்கிறது. அங்கே எந்தக் கடையிலும் உப்பில்லாத வெண்ணெய் கிடைக்கும். 250 கிராம் வெண்ணெயைக் காய்ச்சினால் ஏறக்குறைய 200 கிராம் நெய் இறங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். அதை அங்கேயே வாங்கி, கழுவி ஈரம் போகத் துடைத்து, உறைபெட்டியில் வைத்தால் மாதக் கணக்கில் தாளிக்க உதவும்.

பொருள் எல்லாம் சரியாக இருந்தும் சில வீடுகளில் பருப்பு வேகாது. ஜெர்மனியின் பல ஊர்களில் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கெட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டுவதே அதற்கு அடையாளம். அந்தத் தண்ணீரில் பருப்பு இறுகிப்போகும். ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்தால் குழையும். புளியைப் பருப்பு வெந்த பிறகே விட வேண்டும். முன்னால் விட்டால் புளிப்பும் வேகவிடாது. அப்படியும் வேகாவிட்டால் பருப்பு பழையது. அடுத்த முறை துருக்கியர் கடையில் மைசூர்ப் பருப்பு வாங்கலாம், அது சீக்கிரமே வெந்துவிடும்.

குளிர்காலத்தில் மாவு பொங்குவதுதான் பெரும்பாடு. இரவில் சமையலறை 18 டிகிரிக்கு இறங்கினால் மறுநாள் காலையில் அரைத்தபடியே கிடக்கும். அடுப்பு மூட்டாத அவனில் விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தைத் தளர்வாக மூடி, வழிந்தால் தாங்க அடியில் ஒரு தட்டோடு உள்ளே வைக்கலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கரண்டியால் ஓரத்தைக் கிண்டிப் பார்த்தால் உள்ளே வலைபோலக் குமிழிகள் தெரிய வேண்டும், லேசான புளிப்பு வாடையும் வர வேண்டும். வரவில்லையென்றால் இன்னும் ஆறு மணி நேரம் விட்டுவைக்க வேண்டும்.