கார் பகிர்வோர் முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டியவை

ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் நான்கு பேர் ஒருவரின் காரில் சேர்ந்து போவதென்றால், பெட்ரோல் பங்கு, ஏற்றிக்கொள்ளும் வரிசை, லீவு நாள் கணக்கு ஆகிய மூன்றும் முதல் நாளே வாட்ஸ்அப் குழுவில் எழுத்தாக வந்துவிட வேண்டும்.

கிழக்குத் தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். போய்வர 56 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மைலேஜுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கை நம்பக்கூடாது. டேங்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடிக்கிறது என்று பார்த்தால் உண்மை தெரியும். நெரிசலில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கிடைத்தால் நாளுக்கு 4 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 400 ரூபாய். கார்க்காரரையும் சேர்த்து நான்காகப் பிரித்தால் தலைக்கு 100.

வசூல் செலவைத் தாண்டக்கூடாது. சொந்தக் காருக்கான காப்பீடு, வாடகைக்கு ஆள் ஏற்றுவதற்குச் செல்லாது. லாபம் பார்த்தால் அது வாடகை ஓட்டமாகவே கருதப்படும். விபத்து நேர்ந்தால் இழப்பீடு சிக்கலாகும்.

ஏற்றும் வரிசையைப் பாதைதான் தீர்மானிக்க வேண்டும். உள்தெருவில் இருப்பவர் மெயின் ரோட்டுக்கு நடந்து வந்து, கார் போகும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் நின்றால் ஒருவருக்காக யூ-டர்ன் அடிக்க வேண்டிவரும். அடுத்த இடத்தில் காத்திருப்பவருக்கும் தாமதமாகும். திரும்பும்போது கடைசியாக ஏறியவர் முதலில் இறங்குவார்.

சச்சரவு பெரும்பாலும் லீவு நாளில்தான் கிளம்புகிறது. ஒருவர் வராவிட்டாலும் கார் ஓடும் தூரம் குறைவதில்லை. அதே 400 ரூபாய் மூவர் தலையில் விழுந்து, ஆளுக்கு 133 ஆகிறது. மாதம் 22 வேலைநாளில் ஒருவர் 5 நாள் லீவு போட்டால் அவருக்கு 1,700 ரூபாய். மற்ற மூவருக்கும் தலா சுமார் 2,367. லீவே போடாத மாதத்தைவிட இது 167 ரூபாய் அதிகம். முன்கூட்டிச் சொன்ன லீவுக்கு இதை எல்லோரும் ஏற்கலாம். சொல்லாமல் நின்றுவிட்டால், காத்திருந்த நேரமும் வீணாவதால், அன்றைய பங்கை அவரே தருவது நியாயம். கார்க்காரர் லீவு என்றால் அன்று வசூல் கிடையாது. ஆனால் மற்றவர்கள் பஸ்ஸோ டாக்சியோ பார்த்துக்கொள்ள, அவரும் முந்தின இரவே சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் ஒரே செய்தியில் அடங்கும்:

"எல்லோருக்கும் வணக்கம். ஒரு நாள் பெட்ரோல் 400, வந்தவர்கள் சமமாகப் பிரித்துக்கொள்வோம். காலை 7.30 கிழக்குத் தாம்பரம், 7.40 ராஜகீழ்ப்பாக்கம், 8.00 மேடவாக்கம். மூன்று நிமிடம் நிற்கும், பிறகு கிளம்பிவிடும். லீவு என்றால் முந்தின இரவு 9 மணிக்குள் இங்கே போடுங்கள். போடாவிட்டால் 100 ரூபாய் உண்டு. மாதக் கடைசி நாளில் கணக்கு. பெட்ரோல் விலை மாறினால் அடுத்த மாதம் தொகையை மாற்றுவோம். சம்மதம் என்றால் பதில் போடுங்கள்."

நால்வரும் சம்மதம் சொன்ன பிறகே முதல் பயணத்தைத் தொடங்குங்கள்.