'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லி மாட்டிக்கொள்வது

மறுக்க வாய் வராதபோது 'இன்ஷா அல்லாஹ்' என்று சொல்லிவிடுகிறோம். செய்யும் எண்ணம் உள்ளவர் சொல்ல வேண்டிய சொல் அது. கேட்டவரோ சம்மதம் கிடைத்ததென்று வேறு ஆள் தேடுவதை நிறுத்திவிடுகிறார். சென்ற ரமளானில் நோன்புக் கஞ்சிக் கணக்கு இப்படித்தான் நம் தலையில் விழுந்தது. தராவீஹ் தொழுகைக்கும் மதரஸாவுக்கும் நடுவே நேரமில்லை. பத்தாம் நோன்பிலேயே கணக்கு குழம்பியது. நன்கொடை கொடுத்தவர்களுக்குப் பதில் சொன்னவர் ஜமாஅத் தலைவர்.

இவ்வாண்டு ஃபித்ரா அரிசி பங்கிட அவர் கேட்டபோது, "இஷாவுக்குப் பிறகு சொல்கிறேன் பாய்" என்றோம். கையில் இருக்கும் வேலைகளை எண்ணிப் பார்த்துவிட்டு, "இந்த முறை முடியாது. பெயர்ப் பட்டியலை மட்டும் சரிபார்த்துத் தருகிறேன்" என்றோம். காரணம் அடுக்கவில்லை, அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருக்கும். அவர் முகம் சற்று வாடியது. ஆனால் இருபதாம் நோன்புக்குள் வேறொருவரைப் பிடித்துவிட்டார்.